ஆண்டறிக்கையில் இயக்குநர் மடல்: பெருமையைக் குறைத்து விவரத்தைக் கூட்டித் திருத்தி எழுதுவது எப்படி

தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் நிச்சயம் படிக்கும் பக்கம் இயக்குநரின் மடல்தான். மற்ற பக்கங்களில் படம் பார்ப்பார், கணக்குப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த மடலைத் திருத்தும் வேலை பெரும்பாலும் அலுவலகத்தில் தமிழ் நன்றாக எழுதக்கூடிய ஒருவர் தலையில் வந்து விழும். அவர் உட்கார்ந்ததும் சொற்களை மாற்ற ஆரம்பிப்பார். "மகத்தான" இருந்த இடத்தில் "சிறிய" வரும், "சாதனை" போய் "முயற்சி" வரும். மடல் அடக்கமாகத் தெரியும். ஆனால் படித்து முடித்தவருக்கு அந்த ஆண்டு என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது.

திருத்தத்தில் சொல் கடைசியில் வருவது. அதற்கு முன் கணக்கு, பதிவேடு, இயக்குநரோடு ஒரு பேச்சு என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. கீழே உள்ள வரிசை அந்தக் காரணத்தால்தான்.

விளக்குவதற்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். கிராமங்களில் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் ஓர் அறக்கட்டளை. நிறுவனமும் எண்களும் இந்த வழிகாட்டிக்காகக் கற்பனையாக அமைத்தவை. வரைவின் நடையும் அதிலுள்ள பிழைகளும் மட்டும் நம் ஊர் ஆண்டறிக்கைகளில் வழக்கமாகப் பார்ப்பவை.

## 1. எழுத உட்காரும் முன் மேசைக்கு வரவேண்டியவை

முதலில் வேண்டியது ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கு. கையெழுத்தாகாத கணக்கை வைத்து எழுதினால், பிறகு ஆடிட்டர் ஒரு செலவை வேறு தலைப்புக்கு மாற்றும்போது மடலில் ஒரு தொகையும் பின்பக்கத்தில் வேறொரு தொகையும் அச்சாகிவிடும். வருமான வரிக்கான தணிக்கை அறிக்கைக்கு வழக்கமாக செப்டம்பர் 30 வரை அவகாசம் உண்டு என்பதால் பலர் கணக்கு முடிவதற்குள் அறிக்கையை அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காத்திருப்பது நல்லது. அவசரம் என்றால் தொகைகள் வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, களப் பதிவேடுகள். நம் மாதிரியில் படிப்பகங்களின் வருகைப் பதிவேடும் வாசிப்புச் சோதனைத் தாள்களும். ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய சுருக்க அறிக்கை போதாது. ஏன் என்று ஐந்தாவது பகுதியில் தெரியும்.

மூன்றாவது, நன்கொடைப் பட்டியல். தனிநபர், நிறுவனம், வங்கி வட்டி என்று பிரித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணமும் பொதுவாக வந்த பணமும் தனித்தனியே தெரிய வேண்டும்.

நான்காவதை எல்லோரும் மறக்கிறார்கள்: சென்ற ஆண்டின் இயக்குநர் மடல். அதில் "வரும் ஆண்டில் இதைச் செய்வோம்" என்று சொல்லியிருப்பார்கள். நீண்டநாள் நன்கொடையாளர் அதை மறந்திருக்க மாட்டார். சொன்னது நடந்ததா இல்லையா என்பதற்கு இந்த ஆண்டு மடலில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

## 2. இயக்குநரோடு அரைமணி நேரம் பேசுங்கள்

வரைவைத் திருத்திவிட்டுக் காட்டுவதைவிட, திருத்தும் முன் பேசுவது மேல். காரணம் எளிது. எழுதும்போது மேடைத் தமிழுக்குப் போகிறவர்கள் பேசும்போது விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். இந்த ஆண்டு எது நினைத்தபடி நடக்கவில்லை? யார் இல்லாவிட்டால் இந்த வேலை நின்றிருக்கும்? அடுத்த ஆண்டு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் என்றால் எதற்குச் செலவிடுவீர்கள்?

நம் மாதிரி இயக்குநரோடு நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"சார், வரைவுல 'பல்வேறு சவால்களுக்கிடையிலும்'னு எழுதியிருக்கீங்க. என்ன சவால்?"

"அதுவா... நவம்பர்ல ரெண்டு சென்டரை மூட வேண்டியதாப் போச்சுப்பா. டீச்சர் கிடைக்கல. நாலாயிரத்து ஐநூறுக்கு யாரு வருவா? நல்லா சொல்லிக்கொடுத்த புள்ளைங்க, வேற வேலை கிடைச்சுப் போயிட்டாங்க. தப்புன்னு சொல்ல முடியுமா?"

"இதையே எழுதலாமே சார்."

"எழுதினா அடுத்த வருஷம் பணம் தருவாங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் மடலைக் கெடுக்கிறது. பதில் ஆறாவது பகுதியில். இப்போதைக்கு அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "நல்லா சொல்லிக்கொடுத்த புள்ளைங்க", "தப்புன்னு சொல்ல முடியுமா" இரண்டும் பின்னால் உதவும்.

## 3. வரைவில் எதையும் மாற்றாமல் அடிக்கோடு மட்டும் போடுங்கள்

இதுதான் நம் கைக்கு வந்த வரைவு:

> கல்விக் கண் திறக்கும் உன்னதப் பணியில் எமது அறக்கட்டளை இவ்வாண்டும் மகத்தான சாதனைகளைப் படைத்துள்ளது என்பதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனது தொலைநோக்குத் தலைமையின் கீழ் 14 கிராமங்களில் மாலைநேரப் படிப்பகங்கள் சிறப்பாகச் செயல்படுத்தப்பட்டு, நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றப்பட்டுள்ளது. மாணவர்களின் வாசிப்புத் திறன் 70 சதவீதம் உயர்ந்துள்ளது. பல்வேறு சவால்களுக்கிடையிலும் அயராது உழைத்து வருகிறோம். ஆண்டு விழாவில் உயர் அதிகாரிகள் கலந்துகொண்டு பாராட்டியது எமது பணிக்குக் கிடைத்த அங்கீகாரம். தங்களைப் போன்ற வள்ளல்களின் கொடையால் மட்டுமே இவை அனைத்தும் சாத்தியமாயின. இப்பணி மேன்மேலும் சிறக்கத் தாராளமாக நிதி வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

அச்செடுத்து, மூன்று நிறப் பேனாவை எடுங்கள்.

சரிபார்க்கக்கூடிய தகவல் ஒவ்வொன்றுக்கும் பச்சைக் கோடு. இங்கே "14 கிராமங்கள்", "70 சதவீதம்" இரண்டு மட்டுமே தேறும். ஏழு வாக்கியத்தில் இரண்டு தகவல். அதிலும் ஒன்று தப்பு என்பதைப் பிறகு பார்ப்போம்.

செய்தவர் யாரென்று தெரியாத வினைகளுக்கு நீலக் கோடு. "செயல்படுத்தப்பட்டு", "ஒளியேற்றப்பட்டுள்ளது". யார் நடத்தினார்கள்? ஊரிலேயே இருக்கும் 28 பட்டதாரிகள். வரைவில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நிறுவனம் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட அடைமொழிகளுக்குச் சிவப்பு. உன்னத, மகத்தான, தொலைநோக்கு, சிறப்பாக, அயராது. "தாழ்மையுடன்" என்பதையும் இதில் சேர்த்துவிடுங்கள். தாழ்மையை அறிவிப்பதும் ஒரு வகைத் தன்விளம்பரம்தான்.

கோடு போட்ட பிறகு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இரண்டாம் வாக்கியம் எல்லாம் "எனது தலைமையால்" நடந்ததாகச் சொல்கிறது. ஆறாம் வாக்கியம் எல்லாம் "வள்ளல்களின் கொடையால் மட்டுமே" நடந்ததாகச் சொல்கிறது. இரண்டிலும் காணாமல் போனவர்கள் ஆசிரியர்கள். புதிதாகத் திருத்துகிறவர்கள் முதல் பெருமையை எடுத்துவிட்டு இரண்டாவதை இன்னும் பெரிதாக்கி, அடக்கம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கொடுத்தவரைத் தூக்கிப் பேசுவது அடக்கம் ஆகாது. செய்தவர் பெயரில் செய்ததைச் சொன்னால் அடக்கம் தானாக வந்துவிடும்.

## 4. முதல் பத்தியில் என்ன வரவேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

குறளில் தொடங்கும் பழக்கம் நமக்கு உண்டு. குறள் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் ஈகை அதிகாரத்திலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டால் அது எல்லா நிறுவனங்களின் மடலுக்கும் பொருந்தும். முதல் பத்தியில் உங்கள் நிறுவனம் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி இருக்க வேண்டும்.

அந்தச் செய்திக்கு மூன்று கூறுகள் போதும்: என்ன வேலை, எத்தனை, ஆண்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் என்ன மாற்றம். நம் மாதிரியில்: ஜூனில் 14 படிப்பகம், 412 குழந்தைகள், மார்ச்சில் 12 படிப்பகம், 371 குழந்தைகள்.

எண் குறைந்திருக்கிறதே, முதல் பத்தியிலேயே வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். "14 கிராமங்கள்" என்று மட்டும் எழுதினால் பொய் இல்லைதான், தொடங்கியது 14. ஆனால் பின்பக்கத்தில் மதிப்பூதியச் செலவைப் பார்த்துக் கணக்குப் போடுகிற ஒருவர் இருப்பார். 28 ஆசிரியர், மாதம் ₹4,500, ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம் என்றால் ₹12,60,000 வர வேண்டும். கணக்கில் இருப்பது ₹11,88,000. ₹72,000 எங்கே? இரண்டு படிப்பகம் மூடிய பிறகு நான்கு ஆசிரியர்களுக்கு நான்கு மாதம் கொடுக்காத தொகை அது. மடலில் சொல்லாமல் விட்டால் அவர் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்.

விழா, பொன்னாடை, வந்திருந்த அதிகாரிகள் எல்லாவற்றையும் நிகழ்ச்சிப் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். இயக்குநர் வற்புறுத்தினால் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள். மடலில் வேண்டாம்.

## 5. எண்களை மூலத்தில் போய்ப் பாருங்கள்

வரைவின் "70 சதவீதம்" எங்கிருந்து வந்தது? ஒருங்கிணைப்பாளரின் சுருக்க அறிக்கையில் இப்படி இருக்கிறது: ஜூனில் 188 குழந்தைகளைச் சோதித்ததில் 61 பேர் இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு பத்தியை வாசித்தார்கள்; மார்ச்சில் 104 பேர் வாசித்தார்கள். 61 லிருந்து 104. எழுபது சதவீத உயர்வு.

சோதனைத் தாள்களை எடுத்துப் பார்த்தால் மார்ச்சில் சோதித்தது 171 பேரைத்தான். மீதி 17 பேர் இடையில் நின்றுவிட்டார்கள் அல்லது அன்று வரவில்லை. ஆகவே இரண்டு வெவ்வேறு கூட்டத்தை ஒப்பிட்டிருக்கிறார்கள். சரியான ஒப்பீடு, இரண்டு முறையும் சோதிக்கப்பட்ட அதே 171 பேரை எடுப்பது. அவர்களில் ஜூனில் வாசித்தவர்கள் 57, மார்ச்சில் 104. அப்படியானால் 67 பேர் மார்ச்சிலும் வாசிக்கவில்லை.

இப்போது சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாகவே எழுதுங்கள். "171 பேரில் 57 பேர் வாசித்தார்கள், இப்போது 104 பேர்" என்பது எந்த நன்கொடையாளருக்கும் புரியும். "70 சதவீத உயர்வு" என்றால் நூற்றில் எழுபது பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் பாதிப் பேர் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, உயர்வுக்கு யார் காரணம் என்ற கேள்வி. இந்தக் குழந்தைகள் பகலில் அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. சில ஊர்களில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும் இருந்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, படிப்பகம் இல்லாத ஊர்க் குழந்தைகளை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே "எங்கள் படிப்பகத்தால் உயர்ந்தது" என்று எழுத ஆதாரம் இல்லை. "படிப்பகத்துக்கு வந்த குழந்தைகளில் இத்தனை பேர்" என்று எழுதலாம். பள்ளி ஆசிரியர்களின் பங்கையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கல்வித் துறையை அறிந்த நன்கொடையாளர் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மற்ற எண்களையும் நம்புவார்.

ஒரு குழந்தைக்கான செலவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மொத்தச் செலவு ₹24 லட்சம். சேர்ந்த 412 பேரால் வகுத்தால் ஏறக்குறைய ₹5,800. கடைசிவரை இருந்த 371 பேரால் வகுத்தால் ₹6,500 பக்கம். சிறிய தொகையைப் போடத்தான் கை வரும். நான் பெரிய தொகையைப் போடச் சொல்வேன், எதனால் வகுத்தோம் என்பதையும் சேர்த்து. அடுத்த ஆண்டு யாரும் நிற்காமல் வந்தால் அந்தத் தொகை குறையும். அப்போது சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கும்.

"நிர்வாகச் செலவு 5 சதவீதம் மட்டுமே" என்ற வரியும் வரைவுகளில் அடிக்கடி வரும். அலுவலகமும் தணிக்கையும் சேர்ந்து ₹1,30,000. இருபத்துநாலு லட்சத்தில் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல், உண்மைதான். ஆனால் ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் பயணமும் ₹3,24,000 தனியாக இருக்கிறது. அவர் இல்லாமல் படிப்பகம் நடக்காது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் சந்தேகம் வரும். சதவீதத்தை எடுத்துவிட்டு இரண்டு தொகையையும் சொல்லிவிடுங்கள்.

## 6. நடக்காததை ஒரு முழுப் பத்தியாக எழுதுங்கள்

இயக்குநரின் பயத்துக்கு வருவோம். மூடியதைச் சொன்னால் பணம் வராதா? மொட்டையாகச் சொன்னால் வராமல் போகலாம். "சில காரணங்களால் இரண்டு மையங்கள் நிறுத்தப்பட்டன" என்பது மோசமான வரி. குறையையும் சொல்கிறது, காரணத்தையும் மறைக்கிறது.

பத்தியில் நான்கு செய்திகள் இந்த வரிசையில் வர வேண்டும். என்ன நடந்தது. ஏன் நடந்தது. யாருக்கு என்ன ஆயிற்று. இனி என்ன செய்யப்போகிறோம். இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படிப்பகம் மூடியது நிறுவனத்துக்கு ஒரு நிகழ்வு. அங்கே வந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு? பதிவேட்டில் இருக்கிறது: இரண்டு ஊரிலும் சேர்த்து 52 பேர். 17 பேர் பக்கத்து ஊர்ப் படிப்பகத்துக்குப் போகிறார்கள், 35 பேர் நின்றுவிட்டார்கள். ஆண்டு முழுதும் குறைந்த 41 பேரில் இந்த 35 பேரும் அடக்கம்.

காரணம் எழுதும்போது பழியைக் கீழே தள்ளிவிடாதீர்கள். "ஆசிரியர்கள் பாதியில் விலகியதால்" என்று எழுதினால் அது ஆசிரியர் மேல் பழி. ₹4,500 கொடுத்தது நிறுவனம். "நாங்கள் கொடுத்த மதிப்பூதியம் போதவில்லை" என்று எழுத வேண்டும். இயக்குநர் பேச்சிலேயே இது இருந்தது, "தப்புன்னு சொல்ல முடியுமா" என்று அவரே சொன்னார். அதை வரைவுக்குள் கொண்டுவருவதுதான் நம் வேலை.

நான்காவது செய்தி கணக்கோடு சேர்ந்து வர வேண்டும். மதிப்பூதியத்தை ₹5,500 ஆக்கினால், 12 படிப்பகத்தின் 24 ஆசிரியர்களுக்குப் பத்து மாதத்துக்குக் கூடுதலாக ₹2,40,000 வேண்டும். இந்த ஆண்டு வரவு ₹25,60,000, செலவு ₹24,00,000, மீதி ₹1,60,000. இன்னும் தேவை ₹80,000. இப்போது பாருங்கள், நடக்காததைச் சொன்ன பத்தியே நிதி கேட்கும் காரணத்தையும் கொடுத்துவிட்டது. இந்த ஆண்டின் மீதியைச் சேர்க்கும் முன் அது குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

## 7. நன்றியும் வேண்டுகோளும்

நன்றியில் தொகையை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். "பெருங்கொடையாளர்களுக்கும் சிறு நன்கொடையாளர்களுக்கும்" என்ற வரியைப் படிக்கும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் தன் இடம் எது என்று தெரிந்துகொள்வார். 214 தனிநபர்கள் என்றால் 214 பேர் என்றே சொல்லுங்கள். நிறுவனப் பெயர்கள் பட்டியல் பக்கத்தில் வரட்டும். ஆனால் வரவில் பாதிக்கு அருகில் ஒரே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி என்றால் அதை மடலில் சொல்வது நல்லது, அது நின்றால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

"உங்கள் ₹1,000 நான்கு மாலைக்குச் சுண்டல் வாங்கியது" என்ற மாதிரி வரி படிக்க இனிக்கும். ஆனால் அந்தப் பணம் பொது நிதிக்கு வந்திருந்தால் அது எதற்குப் போனதென்று நம்மால் காட்ட முடியாது. "30 குழந்தைகள் உள்ள ஒரு படிப்பகத்துக்கு ஒரு மாலைச் சுண்டலுக்கு ஏறக்குறைய ₹240 ஆகிறது" என்று விலையைச் சொல்லுங்கள். வகுத்துப் பார்ப்பதை அவரிடம் விட்டுவிடலாம்.

குழந்தையின் கண்ணீர், அம்மாவின் கிழிந்த சேலை போன்றவற்றைக் காட்டிக் கேட்காதீர்கள். ஒரு குழந்தையைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கோப்பில் இருக்க வேண்டும். குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டம், 2015 தடை விதிக்கிறது. பெயரை மாற்றிவிட்டுப் பள்ளிச் சீருடையோடு படம் போடுவதும் அடையாளம் காட்டுவதே.

## 8. இப்போது எழுதுங்கள்

எல்லாம் கையில் வந்த பிறகு எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய வரைவை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அதன் மேலேயே திருத்தினால் அதன் வாக்கிய அமைப்பு உங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

> வணக்கம்.
>
> சென்ற ஜூனில் 14 கிராமங்களில் மாலைப் படிப்பகம் தொடங்கினோம். 412 குழந்தைகள் சேர்ந்தார்கள். மார்ச் முடிவில் 12 படிப்பகங்கள் நடந்தன. 371 குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள்.
>
> இந்தப் படிப்பகங்களை நடத்துகிறவர்கள் அந்தந்த ஊரிலேயே இருக்கும் பட்டதாரிகள். ஒரு படிப்பகத்துக்கு இருவர். பள்ளி விட்டு வரும் குழந்தைகளுக்குச் சுண்டல் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித் தருவது அவர்கள்தான்.
>
> மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் 171 குழந்தைகளுக்கு, ஜூனிலும் மார்ச்சிலும் இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு பத்தியை வாசிக்கக் கொடுத்தோம். ஜூனில் 57 பேர் வாசித்தார்கள், மார்ச்சில் 104 பேர். இதில் அவர்களின் பள்ளி ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. மீதி 67 பேர் இன்னும் தடுமாறுகிறார்கள்.
>
> நவம்பரில் இரண்டு படிப்பகங்களை மூடினோம். நன்றாகச் சொல்லிக்கொடுத்த நான்கு ஆசிரியர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். நாங்கள் கொடுத்த ₹4,500க்கு வேறு ஆட்கள் கிடைக்கவில்லை. போனவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தொகை போதாது. அங்கே படித்த 52 குழந்தைகளில் 17 பேர் பக்கத்து ஊருக்கு வருகிறார்கள். 35 பேர் நின்றுவிட்டார்கள்.
>
> இந்த ஆண்டு வரவு ₹25.60 லட்சம். இதில் ₹12 லட்சம் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது, ₹9.10 லட்சம் 214 தனிநபர்கள் கொடுத்தது, மீதி ₹4.50 லட்சம் ஓர் அறநிதியும் வங்கி வட்டியும். செலவு ₹24 லட்சம்: மதிப்பூதியம் 11.88, சுண்டல் 6.12, ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் பயணமும் 3.24, புத்தகம் நோட்டு 1.46, அலுவலகமும் தணிக்கையும் 1.30 லட்சம். மார்ச் வரை தொடர்ந்து வந்த குழந்தைகளைக் கொண்டு வகுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ₹6,500.
>
> புதிய கிராமம் எதையும் தொடங்குவதாக இல்லை. முதலில் ஆசிரியர்களின் மதிப்பூதியத்தை ₹5,500 ஆக்க வேண்டும். அதற்குக் கூடுதலாக ₹2,40,000 ஆகும். மீதியிருக்கும் ₹1,60,000 போக இன்னும் ₹80,000 தேவை. முடிந்தவர்கள் உதவுங்கள்.
>
> கணக்கில் எந்த வரியைப் பற்றிக் கேட்க வேண்டுமானாலும் கீழே உள்ள எண்ணில் என்னையே அழைக்கலாம். எந்தப் படிப்பகத்துக்கும் எந்த மாலையிலும் வந்து பார்க்கலாம். வருவதை முன்கூட்டிச் சொன்னால் போதும்.
>
> 28 ஆசிரியர்களுக்கும், கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி.

மொத்த மடலிலும் "அடக்கம்", "பணிவு" போன்ற சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "என்னையே அழைக்கலாம்" என்பதை மட்டும் இயக்குநரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். எடுக்காத எண்ணைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருக்கலாம்.

## 9. அச்சுக்கு முன் மூன்று பேர் பார்க்க வேண்டும்

ஆடிட்டர் தொகைகளை மட்டும் பார்க்கட்டும். லட்சத்தில் எழுதியதும் முழு ரூபாயில் எழுதியதும் பின்பக்கக் கணக்கோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. நடையைப் பற்றி அவர் கருத்துச் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

ஆசிரியர்களில் ஒருவர் படிக்க வேண்டும். இதைப் பெரும்பாலான இடங்களில் செய்வதில்லை. "பள்ளி விட்டு வரும் குழந்தைகளுக்குச் சுண்டல்" என்று எழுதியிருக்கிறோம். உண்மையில் சுண்டல் கொடுப்பது வகுப்பு முடிந்த பிறகாக இருந்தால் அவர்தான் சொல்வார். களத்தில் இல்லாத ஒருவர் எழுதிய மடல் இந்த மாதிரிச் சின்ன இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது இயக்குநர். அவரைக் கண்ணால் படிக்கவிடாமல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நாக்கு இடறுகிறதோ அந்த வரி அவருடையதில்லை. அவர் சொல்கிறபடி மாற்றுங்கள். "ரொம்ப சாதாரணமா இருக்கே" என்பார். அப்படித்தான் சொல்வார்கள். ஒரு அடைமொழியைத் திரும்பச் சேர்க்கக் கேட்டால் அதற்குப் பதில் எந்த எண்ணைச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். பல நேரம் நல்ல எண் ஒன்று அப்போது வெளியே வரும். படிப்பகத்தை விட்டுப்போன நான்கு பேரில் ஒருவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்கிறார் என்ற மாதிரி ஏதாவது.

ஆங்கிலப் பிரதியும் வேண்டும் என்றால் இந்த மூவரும் பார்த்த பிறகு எழுதுங்கள். இரண்டு பிரதியையும் ஒரே நேரத்தில் திருத்தினால் ஏதாவது ஒரு எண் ஒன்றில் மாறி மற்றொன்றில் மாறாமல் நின்றுவிடும். கடைசியாக, 80ஜி வரிவிலக்குக்கான 10பிஇ சான்றிதழ் எல்லோருக்கும் போய்விட்டதா என்று கணக்காளரிடம் கேளுங்கள். அதற்கான கெடு மே 31. சான்றிதழ் வராதவர் கையில் மடல் போய்ச் சேர்ந்தால், கீழே கொடுத்த எண்ணுக்கு வரும் முதல் அழைப்பு அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.